'எப்பவுமே இப்படித்தான்' என்று எழுதாதீர்கள்

"எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னை எப்போதும் கேவலமாக நடத்துகிறார். ஓ.டி. காசைத் தராமல் ஏமாற்றுகிறார். கேட்டதற்குப் பழிவாங்க நைட் ஷிஃப்ட்டில் தள்ளிவிட்டார். இங்கே நியாயமே இல்லை."

இப்படி ஒரு மின்னஞ்சல் ஹெச்.ஆர். துறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் சொல்வதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு அந்த ஹெச்.ஆர். அதிகாரியால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். இன்சார்ஜைக் கூப்பிட்டு, "இப்படிச் சொல்றாரே, உண்மையா?" என்று கேட்பது. அவர் "அதெல்லாம் இல்லை சார், வேலையில கொஞ்சம் கண்டிப்பா இருக்கேன், அவ்வளவுதான்" என்பார். ஃபைல் அங்கேயே முடிந்துபோகும்.

"கேவலமாக" என்பதை எந்தப் பதிவேட்டில் தேடுவது? "எப்போதும்" என்றால் எந்தத் தேதி? புகாரை வாசிப்பவர் எழுந்து போய்ச் சரிபார்க்க இதில் எதுவும் இல்லை. நிதானமாக எழுதுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். மரியாதை, பண்பு எல்லாம் இரண்டாம் பட்சம். கோபத்தில் எழுதும்போது நம் கை பெயரடைகளைத் தேடிப் போகிறது. விசாரணைக்கு வேண்டியதோ தேதி, நேரம், இடம், சொன்ன சொல், அது பதிவாகியிருக்கும் இடம்.

மேலே சொன்ன மனிதரையே எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால் சென்னைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தெரிய மாட்டார். ஒரு சரக்குக் கிடங்கின் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறார். ஜெனரல் ஷிஃப்ட், காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. பிப்ரவரி மாதத்தில் 9 நாட்கள், மாலை 6 மணிக்குப் பஞ்ச் அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து லாரி லோடு முடியும்வரை வேலை பார்த்திருக்கிறார். அதாவது கணினியில் அவர் 6 மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டவர். மார்ச் 5 அன்று வந்த சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற கட்டம் காலியாக இருந்தது. மறுநாள் கேட்டார், திட்டு விழுந்தது. மூன்று நாள் கழித்து அவர் பெயர் நைட் ஷிஃப்ட்டுக்கு மாறியிருந்தது.

உட்கார்ந்து எழுதுவதற்கு முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தான் 6 மணிக்குப் பிறகும் அங்கே இருந்ததற்கு என்ன தடயம் என்று யோசிப்பது. பஞ்ச் பதிவு அவருக்கு எதிராகப் பேசுகிறது. ஆனால் கிடங்கில் ஒரு லாரி வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். அதில் நேரமும், அனுப்பியவர் கையெழுத்தும் இருக்கும். டிஸ்பாட்ச் கணினியில் அவருடைய லாகின் பெயரில் பதிவுகள் விழுந்திருக்கும். இன்சார்ஜ் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி இருக்கிறது: "ஆறு மணிக்கு பஞ்ச் அடிச்சிட்டு வந்து லோட முடிங்க." புகாரைத் தாங்கிப் பிடிக்கப்போவது இவைதான்.

இங்கே பலர் வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனியின் கேட் பாஸ்களை எல்லாம் போட்டோ எடுப்பது, டிஸ்பாட்ச் பதிவுகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது. வாடிக்கையாளர் பெயரும் சரக்கு விவரமும் அவற்றில் இருக்கும். ரகசியத்தை வெளியே கொண்டுபோனார் என்று புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கை தொடங்க அது போதும். அவருக்குச் சொந்தமானவற்றை அவர் வைத்துக்கொள்ளலாம்: நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, தன் கைப்பேசிக்கு வந்த செய்திகள், தானே எழுதிய குறிப்பு. மற்றவற்றை எடுக்க வேண்டியதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினால் போதும். "பிப்ரவரி 10 அன்று இரவு 8.20-க்கு வெளியே போன லாரியின் கேட் பாஸில் என் கையெழுத்து உள்ளது" என்று எழுதிவிட்டால், அதை எடுத்துப் பார்ப்பது ஹெச்.ஆரின் வேலை.

தானே எழுதிய குறிப்பு என்றேன். நடந்த அன்றே எழுதியதாக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து யோசித்து எழுதும் தேதிகளில் ஒன்றிரண்டு கட்டாயம் தவறும். ஒன்பது தேதியில் ஒன்று தவறினாலும், மற்ற எட்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். "12-ஆம் தேதி நீங்கள் லீவில் இருந்தீர்களே" என்ற ஒரே கேள்வியில் பேச்சு திசைமாறிவிடும். நிச்சயமில்லாத நாளை விட்டுவிடுவது நல்லது. 11 நாள் என்று மனதுக்குத் தோன்றினாலும் காட்ட முடிந்தது 9 என்றால், எழுத வேண்டியதும் 9தான்.

இப்போது கடிதம். தமிழில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். தெரியாத ஆங்கிலத்தில் சொல்ல வந்ததைத் தொலைப்பதைவிடத் தெரிந்த தமிழில் தெளிவாகச் சொல்வது மேல். நம் டிஸ்பாட்ச் ஊழியர் மார்ச் 12 அன்று எழுதிய இரண்டாவது வடிவம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: பிப்ரவரி மாத மிகைநேர ஊதியம், மார்ச் 6 சம்பவம், ஷிஃப்ட் மாற்றம் குறித்த முறையீடு.

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

நான் டிஸ்பாட்ச் பிரிவில் ஜெனரல் ஷிஃப்ட்டில் பணிபுரிகிறேன். பிப்ரவரி 3, 5, 10, 11, 12, 17, 19, 24, 26 ஆகிய 9 நாட்களில் மாலை 6 மணிக்குப் பஞ்ச் செய்த பின்னும் பணியில் இருந்தேன். 10, 17 தேதிகளில் இரண்டரை மணி நேரம், மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம், மொத்தம் 19 மணி நேரம். அந்த நாட்களின் கேட் பாஸ்களிலும் என் லாகின் பதிவுகளிலும் இதைச் சரிபார்க்கலாம். பஞ்ச் செய்துவிட்டு வரும்படி பிப்ரவரி 3 அன்று வந்த வாட்ஸ்அப் செய்தியை இணைத்துள்ளேன். மார்ச் 5 அன்று பெற்ற சம்பளச் சீட்டில் மிகைநேர ஊதியம் இல்லை.

மார்ச் 6 அன்று மாலை சுமார் 4.30 மணிக்கு, இரண்டாம் எண் லோடிங் மேடை அருகே, ஷிஃப்ட் இன்சார்ஜிடம் இதுபற்றிக் கேட்டேன். 'கணக்கு கேக்க வந்துட்டியா? இஷ்டம் இருந்தா இரு, இல்லேன்னா கெளம்பு, வாசல் தெறந்துதான் கெடக்கு' என்று உரத்த குரலில் சொன்னார். அந்த ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் பெயர் ரோஸ்டரில் உள்ளது.

மார்ச் 9 அன்று வெளியான ரோஸ்டரில் மார்ச் 16 முதல் எனக்கு நைட் ஷிஃப்ட் போடப்பட்டுள்ளது. பிரிவில் உள்ள ஏழு பேரில் வேறு எவருக்கும் மாற்றம் இல்லை. காரணம் எதுவும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

என் கோரிக்கை: 19 மணி நேரத்துக்கான மிகைநேர ஊதியம் வழங்க வேண்டும். ஷிஃப்ட் மாற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அல்லது என்னைப் பழைய ஷிஃப்ட்டில் தொடர அனுமதிக்க வேண்டும். மார்ச் 6 சம்பவத்தை இன்சார்ஜுக்குக் கீழ் இல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். இதற்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்."

"ஏமாற்றுகிறார்" காணாமல் போயிருக்கிறது, பாருங்கள். அதற்குப் பதில் 19 மணி நேரம் வந்திருக்கிறது. "பழிவாங்க" என்பதும் போய்விட்டது. இன்சார்ஜ் மனதில் என்ன இருந்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. கேட்டால் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் 6-ஆம் தேதி கேட்டார், 9-ஆம் தேதி மாறியது, ஏழு பேரில் ஒருவர் மட்டும். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். முடிவுக்கு வருவது வாசிப்பவர் பொறுப்பு. நாமே முடிவையும் சொல்லிவிட்டால், மறுக்க எதிராளிக்கு ஒரு சொல் கிடைத்துவிடும். தேதிகளை மறுப்பது அவ்வளவு சுலபமில்லை.

திட்டியதை எழுதும்போது பலர் நாகரிகம் கருதி "தகாத வார்த்தையால் பேசினார்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி மூடி மறைத்தால் விசாரிப்பவருக்கு எதுவும் தெரியாது. என்ன சொன்னாரோ அதை அப்படியே, அவர் பேசிய தமிழிலேயே, மேற்கோளுக்குள் எழுத வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த ஒரு வரி தமிழில் இருப்பது நல்லது. அவமானம் பாதி அந்த "வந்துட்டியா"வில் இருக்கிறது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் இதே விதிதான். சரியான சொல் நினைவில்லை என்றால் "இந்தப் பொருளில் சொன்னார்" என்று குறிப்பிட்டுவிடலாம், ஜோடித்து எழுதக் கூடாது.

"எல்லோருக்கும் தெரியும்" என்று எழுதாமல் ரோஸ்டரைக் காட்டியதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் பெயரை அவரைக் கேட்காமல் சாட்சியாகப் போட்டால், ஹெச்.ஆர். கூப்பிட்டதும் பயத்தில் "நான் கவனிக்கலை சார்" என்று சொல்லிவிடுவார். அவருக்கும் குடும்பம், வேலை எல்லாம் இருக்கிறது. சம்மதித்தவர் இருந்தால் பெயரைச் சொல்லலாம். இல்லையென்றால் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதை ரோஸ்டர் சொல்லும்.

கோரிக்கைப் பகுதியை விட்டுவிடும் கடிதங்கள் ஏராளம். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், இன்சார்ஜிடம் இரண்டு நிமிடம் பேசியதே தக்க நடவடிக்கை ஆகிவிடும். மறுபக்கம், "அவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும்" என்று கேட்பதும் வீண். அந்தத் தண்டனையைத் தீர்மானிப்பது புகார் கொடுத்தவர் கையில் இல்லை, பெரும்பாலும் அந்த ஹெச்.ஆர். அதிகாரி கையிலும் இல்லை. அவரால் இந்த வாரமே செய்ய முடிந்தவற்றைக் கேட்பதுதான் சாமர்த்தியம். ஓ.டி. தொகையையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய் என்றால், வழக்கமான முறையில் 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 800, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 100. மிகைநேரத்துக்குச் சட்டம் சொல்வது இரட்டிப்பு. 19 மணி நேரத்துக்கு 3,800 ரூபாய்.

இவ்வளவுக்கும் யார் இந்த ஹெச்.ஆர்.? நம் ஊழியர்களில் பாதிப் பேர் அவர்களை நீதிபதி என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் முதலாளியின் ஆள் என்று நினைக்கிறார்கள். இரண்டாவது தரப்பு சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிறது. அவர்கள் சம்பளம் வாங்குவது நிறுவனத்திடம். அவர்களிடம் சொன்னது ரகசியமாகவே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, விசாரிக்க வேண்டுமென்றால் எதிர்த்தரப்பிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நிறுவனத்துக்கு வரப்போகும் வம்பைத் தடுப்பதும் அவர்கள் வேலைதான். பஞ்ச் அடிக்கவைத்து வேலை வாங்கிய விஷயம் தொழிலாளர் துறை வரை போனால் என்ன ஆகும் என்பது ஹெச்.ஆருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்த வாட்ஸ்அப் செய்தியை இணைத்தாலே போதும். "லேபர் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதல் கடிதத்திலேயே எழுதினால், ஃபைல் நேராகக் கம்பெனி வக்கீலிடம் போய்விடும். அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

அதேபோல நகல் யாருக்கெல்லாம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். ஆத்திரத்தில் மொத்தப் பிரிவுக்கும் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஒருவர் மீது அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் வைப்பதற்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சம்பந்தமில்லாத ஐம்பது பேருக்கு அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். காகிதத்தில் கொடுப்பதானால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு "பெறப்பட்டது" என்று கையெழுத்து வாங்க வேண்டும். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் போனபின் நைட் ஷிஃப்ட்டுக்குப் போவதா வேண்டாமா? போக வேண்டும். போகாமல் இருந்தால் உத்தரவை மீறினார், சொல்லாமல் விடுப்பு எடுத்தார் என்று அது தனி ஃபைலாகும். பிறகு அந்த ஃபைல்தான் முக்கியமாகும். "முறையீடு நிலுவையில் உள்ளது, என் ஆட்சேபத்தைப் பதிவு செய்து இந்த ஷிஃப்ட்டில் பணிபுரிகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவது பாதுகாப்பானது.

அடுத்து ஒரு நாள் போன் வரும். "வாங்க, ஒரு டீ சாப்ட்டுப் பேசலாம். இதுக்கெல்லாம் எதுக்கு மெயில், என்கிட்ட நேர்ல சொல்லியிருந்தா முடிச்சிருப்பேனே." நல்ல எண்ணத்திலும் இருக்கலாம், மெயிலைத் திரும்பப் பெறவைக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். போய்ப் பேசுவதில் தவறில்லை. திரும்பி வந்ததும் அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: "இன்று காலை பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஓ.டி. தொகை மார்ச் சம்பளத்தோடு தரப்படும். ஷிஃப்ட் பற்றி 25-ஆம் தேதிக்குள் சொல்வதாகக் கூறினீர்கள். மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்." பதில் வராவிட்டாலும் அது பதிவாகிவிடும். எழுதிவைத்த தாளில் கையெழுத்துக் கேட்டால் முழுதும் வாசித்த பிறகே போட வேண்டும். உடன்பாடில்லாத வரி இருந்தால் அதன் பக்கத்திலேயே "இதில் எனக்கு உடன்பாடில்லை" என்று எழுதிவிட்டுப் போடலாம்.

ஹெச்.ஆர். மௌனமாக இருந்தால்? 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழில் நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது 2010-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்திலேயே வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. குழுவில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குழு 30 நாளில் முடிப்பதாக ஏற்பாடு. முடிவு திருப்தி இல்லை அல்லது முடிவே வரவில்லை என்றால், அடுத்த 60 நாளுக்குள் தொழிற்சங்கம் வழியாகத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். ஒரு வரம்பு உண்டு: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்தச் சட்டத்தில் "தொழிலாளி" ஆக மாட்டார்கள். நம் டிஸ்பாட்ச் ஊழியர் அதைவிட அதிகம் வாங்கினாலும் யாரையும் மேற்பார்வை செய்யாததால் உள்ளேதான் வருவார்.

பாலியல் தொல்லை என்றால் பாதையே வேறு. அந்தப் புகார் ஹெச்.ஆருக்குப் போக வேண்டியதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கும், அங்கே மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஹெச்.ஆர். "முதல்ல நான் பேசிப் பாக்கறேன்" என்று இழுத்தடித்தால் நாட்கள் போய்க்கொண்டே இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஆளுக்குப் பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி. தருகிறோம், இன்சார்ஜிடம் பேசிவிட்டோம், ஷிஃப்ட் மாற்றம் "நிர்வாகத் தேவை கருதி" செய்யப்பட்டது. மூன்றில் ஒன்றுக்கு முழுப் பதில், ஒன்றுக்கு அரைப் பதில், ஒன்றுக்கு மழுப்பல். இதை வாசித்ததும் மறுபடி சூடேறும். இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓ.டி. தர ஒப்புக்கொண்டதற்கு ஒரு வரி நன்றி. பிறகு இரண்டே கேள்விகள்: மார்ச் 6 சம்பவத்தை விசாரித்தவர் யார், அவர் என்ன முடிவுக்கு வந்தார்? ஏழு பேர் உள்ள பிரிவில் நிர்வாகத் தேவைக்கு என்னை மட்டும் தேர்ந்தெடுத்தது எந்த அடிப்படையில்? பதிலுக்கு ஒரு தேதி கேட்டுவிட்டு, குறைதீர்க் குழுவுக்கான விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்கிவிடலாம். அந்த விண்ணப்பத்தோடு இணைக்க மார்ச் 12 கடிதமும் அதற்கு வாங்கிய "பெறப்பட்டது" கையெழுத்தும் கையில் இருக்கின்றன.